ஸ்கிரீன்ஷாட் வந்ததும் ‘இது ஃபேக்கா?’ என்று கேட்காதீர்கள்

2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வதந்தி பறந்தது ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்களும் ஓடின. மேலே இரண்டு வரி, கீழே சண்டை வீடியோவிலிருந்து ஒரு காட்சி. அந்த ரகத்தில் ஒன்றை மாதிரிக்கு நானே எழுதிக்கொள்கிறேன்: “திருப்பூரில் இந்தி பேசியதற்காக 12 பீகார் தொழிலாளர்கள் கொலை. தமிழக அரசு மறைக்கிறது. ஆதாரம் கீழே.”

இதைப் பார்த்ததும் நாம் செய்யும் முதல் தவறு, படத்தை கூகுள் லென்ஸில் போட்டு ஃபேக்கா இல்லையா என்று தேடுவது. தேடுவது தப்பில்லை, அதற்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். எதைச் சரிபார்க்கிறோம் என்றே தெரியாமல் தேடினால், கிடைக்கிற பதில் எந்தக் கேள்விக்கானது என்று புரியாது.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பதிவு என்ன சொல்கிறது, வலப்பக்கம் பதிவு என்ன காட்டுகிறது. இடப்பக்கம் எழுதும்போது நம் சொந்த வார்த்தையில் சுருக்கக்கூடாது. “பீகார்காரர்களைத் தாக்குகிறார்களாம்” என்று எழுதினால் போச்சு, 12 காணாமல் போய்விட்டது, ‘கொலை’ தாக்குதலாக இளைத்துவிட்டது. பதிவில் உள்ளதை அப்படியே எழுதி, அப்புறம் உடையுங்கள். கொலை நடந்தது, எண்ணிக்கை 12, இடம் திருப்பூர், செத்தவர்கள் பீகார்காரர்கள், காரணம் இந்தி பேசியது, அரசு மறைக்கிறது. இரண்டே வரியில் ஆறு கூற்று! சொல்லாமல் சொன்னது ஒன்று தனி: அடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இந்த மாதிரி மறைந்திருப்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும், ஊர் கொதிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

இப்போது வலப்பக்கம். படத்தில் என்ன தெரிகிறது? சிலர் சேர்ந்து ஒருவரை அடிக்கிறார்கள். அவ்வளவுதான். எந்த ஊர், என்ன மொழி, அடிபட்டவர் பிழைத்தாரா, எதுவும் படத்தில் இல்லை. “ஆதாரம் கீழே” என்ற வரியை வலப்பக்கம் எழுதுவது இன்னொரு தவறு. அதுவும் ஒரு கூற்றுதான், இடப்பக்கம் போக வேண்டும். லைக் எண்ணிக்கையும் நீல டிக்கும் எந்தப் பக்கமும் வராது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது வீடியோவின் ஒரே ஒரு நொடி, சத்தம் கிடையாது, அசல் பதிவுக்கு லிங்க் கிடையாது. வீடியோவில் ஆட்கள் பேசும் மொழி கேட்டாலே பாதி விஷயம் தெரிந்திருக்கும். அதனால் பதிவின் வார்த்தைகளைத் தேடி அசலைப் பிடிக்கும்வரை, இப்படி ஒரு பதிவு வந்தது என்பதைக்கூட ‘வந்ததாம்’ என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி உடைத்ததால் என்ன லாபம் என்பது அந்த மார்ச்சில் டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு சொன்ன விளக்கத்திலேயே தெரியும். சுற்றிக்கொண்டிருந்த இரண்டு வீடியோக்களைப் பற்றிப் பேசினார். இரண்டுமே திருப்பூர், கோவை பக்கம் முன்பு நடந்த சண்டைகள். ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, மற்றது கோவை உள்ளூர்க்காரர்கள் இருவர் மோதியது. அதாவது அந்த இரண்டு வீடியோவும் ‘ஃபேக்’ இல்லை, நிஜமான சண்டைதான். முதல் வீடியோவில் அடிபட்டவர் பீகார்காரர் என்பதுகூட சரி, ஆனால் அடித்தவர் உள்ளூர்க்காரர் இல்லை. இரண்டாவதில் பீகார்காரரே இல்லை. ‘ஃபேக்கா?’ என்று மட்டும் கேட்டிருந்தால், வீடியோ உண்மை என்று பதில் வந்து, அதோடு அந்த ஏழு கூற்றும் உண்மையாகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறைச் செய்பவர்கள் வதந்தியைச் சரிபார்க்கும் நம் பக்கத்து ஆட்கள், நானும் செய்திருக்கிறேன். வீடியோ வேறு சம்பவத்தினுடையது என்று தெரிந்ததும் மொத்தப் பதிவுக்கும் ‘பொய்’ முத்திரை குத்திவிடுவது. ஆதாரம் விழுந்தால் அந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் அர்த்தம். திருப்பூரில் 12 பேர் செத்தார்களா என்பது அப்படியே நிற்கிறது. அதை வீடியோவை வைத்துத் தீர்க்க முடியாது. அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடந்ததா, ஸ்டேஷனில் எஃப்ஐஆர் உண்டா, செத்தவர்களின் பெயரோ ஊரோ எங்காவது இருக்கிறதா, வீட்டார் யாராவது பேசினார்களா என்று தேட வேண்டும். 12 சாவு என்றால் 12 குடும்பம், ஒன்றுகூட வாய் திறக்காமல் இருக்காது.

டிஜிபி சொன்னதை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்கலாம். இடப்பக்கம்தான், அதுவும் ஒரு கூற்று. அந்தச் சண்டைகள் எந்தத் தேதியில் நடந்தன, வழக்கு எண் என்ன, அப்போதே உள்ளூர் நிருபர் யாராவது செய்தி போட்டாரா என்பது கிடைத்தால் அது வலப்பக்கம். அதிலும் ‘அரசு மறைக்கிறது’ என்ற கூற்று இருக்கும் பதிவுக்கு அரசு தரப்பு மறுப்பை மட்டும் பதிலாக வைத்தால், பதிவை அனுப்பிய சித்தப்பா “நான்தான் சொன்னேனே, மறைக்கிறார்கள்” என்பார்.