வால்பேப்பர் எத்தனை ரோல் வேண்டும்? சதுர அடியை விட்டுப் பட்டைகளை எண்ணுங்கள்

சுவரின் பரப்பை ரோலின் பரப்பால் வகுத்துப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பூவோ கோலமோ இல்லாத வெற்றுத் தாளுக்கு அது ஓரளவு ஒத்துவரும். டிசைன் இருந்தால் கணக்கு உதைக்கும். காரணம், நாம் சுவரில் ஒட்டுவது மேலிருந்து கீழ்வரை போகும் முழுப் பட்டைகளை. அதனால் பட்டைகளைத்தான் எண்ண வேண்டும்.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். அகலம் 420 செ.மீ., உயரம் 240 செ.மீ. நட்ட நடுவில் 120 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள ஜன்னல். அதற்கு மேலே 30 செ.மீ., கீழே 90 செ.மீ. சுவர் இருக்கிறது. ஜன்னலின் உள்பக்க விளிம்புகளில் தாள் ஒட்டப் போவதில்லை. ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். பல ரோல்கள் இந்த அளவில்தான் வருகின்றன.

படி 1: லேபிளைப் பாருங்கள்

டிசைன் எத்தனை செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பது லேபிளில் இருக்கும். நம்முடையதில் 64/0 என்று போட்டிருக்கிறது. அதாவது 64 செ.மீ.க்கு ஒருமுறை டிசைன் திரும்புகிறது, பக்கத்துப் பட்டையிலும் அதே உயரத்தில் பொருந்துகிறது. 64/32 என்றிருந்தால் அடுத்த பட்டை 32 செ.மீ. தள்ளிப் பொருந்தும், அப்படிப்பட்ட தாளுக்கு, படி 3-இலிருந்து வரும் மிச்சக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

படி 2: ஒரு பட்டையின் நீளம்

மேலே 5, கீழே 5 செ.மீ. வெட்டி நேராக்குவதற்காகக் கூடுதலாக விட வேண்டும். எந்தக் கூரையும் முழுக்க மட்டமாக இருப்பதில்லை. ஆக 250 செ.மீ.

அடுத்த பட்டையும் டிசைனின் அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எனவே 250-ஐ 64-இன் மடங்காக மேல்நோக்கி உயர்த்துகிறோம்: 4 × 64 = 256.

படி 3: ஒரு ரோலில் எத்தனை?

1005-ஐ 256-ஆல் வகுத்தால் 3 பட்டைகள் வரும், 237 செ.மீ. மிச்சம். டிசைன் இல்லாத தாளாக இருந்தால் 250 வீதம் 4 பட்டைகள் கிடைத்திருக்கும். ரோலுக்கு ஒரு பட்டை போய்விட்டது! ஆனால் அந்த 237-ஐத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 4: சுவருக்கு எத்தனை?

420 ÷ 53 = 7.92. எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குங்கள்: 8 பட்டைகள். ஜன்னலை மறந்துவிட்டால் 3 ரோல் வேண்டும்.

படி 5: ஜன்னல்

ஜன்னலின் பரப்பைக் கழிக்கக் கூடாது. பட்டை ஓரங்கள் எங்கே விழுகின்றன என்று காகிதத்தில் வரையுங்கள். இடது மூலையிலிருந்து 53, 106, 159, 212, 265, 318 என்று போகும். ஜன்னல் 150-இல் தொடங்கி 270-இல் முடிகிறது. 159–212, 212–265 ஆகிய இரண்டு பட்டைகள் மட்டுமே முழுவதும் ஜன்னலுக்குள் வருகின்றன. இருபுறமும் உள்ள பட்டைகளை ஜன்னல் சில செ.மீ. மட்டும் கடிக்கிறது, அவற்றுக்கு முழு நீளம் வேண்டும். ஆக முழுப் பட்டைகள் 6, குட்டைப் பட்டைகள் 2.

6 முழுப் பட்டைகள் 2 ரோலில் வந்துவிடும். குட்டைப் பட்டை மிச்சத்தில் வருமா? ஒரு முழுப் பட்டையில் ஜன்னலுக்கு மேல் துண்டு 0 முதல் 40 வரை, கீழ்த் துண்டு 150 முதல் 250 வரை இருக்கும் (ஓரங்களுக்கு 5 செ.மீ. வீதம் சேர்த்து). மிச்சமோ 237 தான். ஆனால் கீழ்த் துண்டை ஒரு டிசைன் அளவு மேலே ஏற்றி 86 முதல் 186 வரை வெட்டினால், அதே டிசைன் அதே இடத்தில் வரும். மேல் துண்டோடும் மோதாது. இரண்டு ரோல், இரண்டு மிச்சம், இரண்டு குட்டைப் பட்டை. சரியாக முடிகிறது.

இதே ஜன்னல் 10 செ.மீ. இடதுபுறம் தள்ளி, 140 முதல் 260 வரை இருந்தால்? 212–265 பட்டை 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொள்ளும். முழுப் பட்டைகள் 7 ஆகும், 3 ரோல் வாங்கியே தீர வேண்டும். இரண்டு சுவருக்கும் பரப்பு ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள்.

படி 6: கூடுதல் ரோல் வேண்டுமா?

நடு ஜன்னல் சுவருக்கு 2 ரோல் போதும் என்றாலும், ஒரு முழுப் பட்டை கிழிந்தால் மாற்று இல்லை. பிறகு வாங்கும் ரோலின் பேட்ச் நம்பர் வேறாக இருந்தால் நிறம் லேசாக மாறலாம்; பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது அது தெரியும். பிரிக்காத ரோலைக் கடையில் திருப்பி எடுப்பார்கள் என்றால், நான் அதே பேட்ச் நம்பரில் மூன்றாவதையும் வாங்கி வைத்துக்கொள்வேன். இல்லையென்றால், வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பென்சிலால் எண்ணும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டு, 2 ரோலோடு தொடங்கலாம்.