விசிட் விசாவில் துபாய் வந்தும் வேலை இல்லையா? ஏஜெண்டுக்கு எழுத வேண்டிய கடிதம்

தேரா பக்கம் பெட் ஸ்பேஸில் தங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் கம்பெனி ஆள் வருவார்" என்று ஏஜெண்ட் சொல்வதை நம்பிக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இழுத்தடிப்பது அவருக்கு வசதி. விசா முடிந்தால் உங்களுக்கு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறும். அப்புறம் ஊர் திரும்பும் கவலையில் பணத்தைக் கேட்கவே தெம்பிருக்காது. அதனால் விசா இருக்கும்போதே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

முதலில் emigrate.gov.in தளத்தில் அந்த ஏஜென்சி பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18% ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்தான் வாங்கலாம், ரசீதும் தரவேண்டும். பட்டியலில் பெயரே இல்லையென்றால், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் எடுத்ததே குற்றம். கடிதத்தில் இந்த இரண்டில் எது உங்கள் நிலை என்பதைச் சொல்ல வேண்டும்.

திருச்சி ஏஜெண்ட் ஒருவரிடம் 1,35,000 ரூபாய் கட்டிய எலக்ட்ரீஷியன் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

"ஐயா, துபாயில் மாதம் 1,800 திர்ஹாம் சம்பளத்தில் எலக்ட்ரீஷியன் வேலை என்று கூறி என்னிடம் பணம் பெற்றீர்கள். மார்ச் 3 அன்று உங்கள் அலுவலகத்தில் ரொக்கமாக 35,000 ரூபாயும், மார்ச் 10 அன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்ணுக்கு ஜிபேயில் 1,00,000 ரூபாயும் கொடுத்தேன். ஏப்ரல் 2 அன்று விசிட் விசாவில் வந்து சேர்ந்தேன். இதுவரை வேலை அனுமதியோ ஒப்பந்தமோ தரப்படவில்லை. உங்கள் நிறுவனம் பதிவு பெற்றோர் பட்டியலில் இல்லை. முழுத் தொகையையும் மே 5க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். தவறினால் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் புகார் அளிப்பேன்."

திட்டு, சாபம் எதுவும் வேண்டாம். தேதியும் தொகையும் போதும். ஜிபே பெரும்பாலும் ஏஜெண்டின் மச்சான் பெயரில் போயிருக்கும். "அது என் கணக்கே இல்லை" என்பார். அந்த எண்ணை அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். கையெழுத்திட்ட கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். ஊரில் இருக்கும் வீட்டார் அதன் பிரதியை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பட்டும்.

கடிதம் போனதும் பெரும்பாலும் ஒரு போன் வரும். "விசா, டிக்கெட் செலவு போக 40,000 தருகிறேன், பாக்கி இல்லை என்று எழுதிக் கொடு" என்பார். பணத்தை வாங்கலாம், அந்தத் தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். "பகுதித் தொகை 40,000 பெற்றேன், மீதி 95,000 ரூபாய் வரவேண்டியுள்ளது" என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.