ஒரு வால்வை வைத்து ஆடிட் செய்து பழகலாம்

சூழல் மேலாண்மைப் பாடத்தில் முதல் ஆடிட் பயிற்சி வந்ததும், பலர் சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14001-ன் பிரிவு எண்களை வரிசையாக எழுதி, எதிரே 'உண்டு', 'இல்லை' என்று டிக் போட ஆரம்பிப்பார்கள். அப்படிச் செய்தால் கோப்புகள் இருக்கின்றனவா என்பது தெரியும், அவை வேலை செய்கின்றனவா என்பது தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு, திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற நான்கு கட்டங்களிலும் அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது. ஒரு தொழிற்சாலையின் திறந்தவெளியில், 1,000 லிட்டர் எண்ணெய்த் தொட்டி ஒன்று கால்கள் வைத்த ஸ்டாண்டில் நிற்கிறது. எண்ணெய் கசிந்தால் வெளியே ஓடாமல் இருக்கச் சுற்றிலும் தடுப்புச் சுவர். உள்ளே 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம். மழைநீரை வெளியேற்ற, சுவரின் அடியில் ஒரு வால்வு.

படி 1: திட்டத்தைப் படியுங்கள்

முதலில் சூழல் தாக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்க் கசிவு அதில் இருக்கிறதா, அதற்கு என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் உதாரணத்தில் 'தடுப்புச் சுவர் உண்டு, வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும்' என்று இருக்கிறது.

இங்கேயே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. சுவருக்குள் 4 × 3 × 0.15, அதாவது 1.8 கன மீட்டர், 1,800 லிட்டர் பிடிக்கும். தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இங்கே அது 1,100 லிட்டர். மிச்சம் 700 லிட்டர்தான் மழைநீருக்கு இடம். 12 சதுர மீட்டர் தரையில் 700 லிட்டர் என்றால் ஏறக்குறைய 5.8 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் தண்ணீர் நின்றால் சுவர் இருந்தும் அந்த அளவுக்கு இடம் இருக்காது. ஆக 'எப்போதும் மூடு' என்று மட்டும் சொன்னால் போதாது. தண்ணீரை எப்போது, யார், எப்படி வெளியேற்றுவது என்பது திட்டத்தில் இல்லை.

படி 2: இடத்துக்குப் போங்கள்

போய்ப் பார்த்தால் வால்வு திறந்திருக்கிறது. உள்ளே தரை காய்ந்து கிடக்கிறது, வெளியே வடிகால் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்த் தடம். போட்டோ எடுத்து, தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அங்கே வேலை செய்பவரிடம், "ஏன் திறந்து வச்சீங்க?" என்று கேட்காதீர்கள், குற்றம் சாட்டுவது போலாகிவிடும். "மழை பெய்தால் இங்கே என்னண்ணே பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "தண்ணி வடிய அரை மணி நேரம் ஆகும் தம்பி. திறந்துவிட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுவோம்" என்பார். முக்கால்வாசிக் காரணம் அந்தப் பதிலிலேயே வந்துவிட்டது.

படி 3: சரிபார்ப்பைச் சரிபாருங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. வாராந்திர செக்லிஸ்ட்டில் 'வால்வு மூடியுள்ளதா?' என்ற கேள்விக்கு எல்லா வாரமும் 'ஆம்'. இன்றைய தேதியிலும் 'ஆம்'. வால்வு திறந்திருந்தது ஒரு நாள் மறதியாக இருக்கலாம். ஆனால் இந்த டிக், கண்காணிப்பே நம்பும்படி இல்லை என்று காட்டுகிறது. இரண்டையும் தனித்தனிக் குறைகளாக எழுதுங்கள்.

எழுதும்போது மூன்று விஷயம் வேண்டும்: என்ன இருக்க வேண்டும், என்ன கண்டீர்கள், எங்கே இடைவெளி. 'பராமரிப்பு சரியில்லை' என்பது குறையல்ல, அபிப்பிராயம். 'வால்வு மூடியிருக்க வேண்டும் என்கிறது செயல்முறை (பிரிவு 8.1). ஆய்வின்போது திறந்திருந்தது, வடிகால் ஓரத்தில் எண்ணெய்த் தடம் இருந்தது. ஆகவே கட்டுப்பாடு செயல்படவில்லை' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

படி 4: திருத்தம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்

வால்வை மூடுவது, தடத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் உடனடிச் சரிசெய்தல். காரணத்தை நீக்குவது வேறு. பிரிவு 10.2 இரண்டையும் கேட்கிறது. 'பணியாளருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் ஏற்கத் தயங்குங்கள். அவருக்கு வால்வை மூடத் தெரியாமல் இல்லையே, அரை மணி நேரம் நிற்க ஆளில்லை.

நல்ல பதில் திட்டத்தையே மாற்றும். வால்வை எடுத்துவிட்டுத் துளையை அடைத்துவிடலாம். உள்சுவரில் 5 சென்டிமீட்டரில் கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால், மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, பம்ப் வைத்து வெளியேற்றலாம். படலம் தெரிந்தால் அந்தத் தண்ணீரை வடிகாலில் விடக் கூடாது, கழிவாகவே கையாள வேண்டும். செக்லிஸ்ட்டிலும் 'ஆம், இல்லை' போய், 'தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர்?' என்று வரட்டும். மழை பெய்த வாரத்தில் பூஜ்யம் என்று எழுதியிருந்து, பம்ப் ஓடியதற்கும் பதிவு இல்லையென்றால் உடனே கேட்டுவிடலாம்.

இந்த மாற்றம் வந்ததும் குறையை மூடிவிடாதீர்கள். அடுத்த பலத்த மழைக்குப் பிறகு ஒருமுறை போய், கோட்டையும் தண்ணீரையும் செக்லிஸ்ட்டில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.