மயோனைஸ் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அதனால் மயோனைஸோ சாலட் டிரெஸ்ஸிங்கோ வாங்கும்போது மூன்று விஷயங்கள் பார்ப்பேன்: முட்டை, வினிகர், சேர்த்த சர்க்கரை. லேபிள் எழுத்து பொடியாக இருக்கும். கடையிலேயே போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள், கண்ணாடியைவிட இது வசதி.

1. குறியைப் பாருங்கள்

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம் என்றால் அசைவம். நம் நாட்டில் முட்டை சேர்ந்தாலே அசைவக் குறிதான். 'எக்லெஸ்' பாட்டிலில் முட்டைக்குப் பதில் பெரும்பாலும் பால் பொடியோ சோயா புரதமோ இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பச்சைக் குறியோடு நின்றுவிடக் கூடாது.

2. முட்டை பச்சையா, பதப்படுத்தியதா?

பலரும் தடுமாறுவது இங்கேதான். முக்கோணம் இருந்தால் உள்ளே பச்சை முட்டை என்று அர்த்தமில்லை. சேர்மானப் பட்டியலில் 'பாஸ்சுரைஸ்டு எக் யோக்' என்று இருந்தால், கிருமி சாகும் அளவுக்கு மிதமாகச் சூடுபடுத்திய மஞ்சள் கரு. வெறும் 'எக்' என்று மட்டும் இருந்தால், லேபிளில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிடலாம்.

பயப்பட வேண்டியது முட்டையை உடைத்து அப்படியே எண்ணெயோடு அடித்துக் கடையிலேயே செய்யும் மயோனைஸுக்கு. அதில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அதைக் கொல்லச் சூடு எந்தக் கட்டத்திலும் கிடைப்பதில்லை. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது இந்தப் பச்சை முட்டை மயோனைஸுக்குத்தான், எல்லா மயோனைஸுக்கும் அல்ல. எலுமிச்சை பிழிந்தால் கிருமி போய்விடும் என்று நம்பாதீர்கள். வீட்டு அளவில் எவ்வளவு புளிப்பு சேர்ந்தது என்று யாரும் அளப்பதில்லை.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பட்டியலின் கீழே வரும் 'கன்டெய்ன்ஸ்' வரியையும் படியுங்கள். முட்டை, பால், சோயா எல்லாம் அங்கே தனியாக வரும்.

3. வினிகர்

'வினிகர்' என்றே இருக்கலாம், இல்லையென்றால் 'அசிடிட்டி ரெகுலேட்டர் 260' என்று இருக்கும். 260 என்பது அசிட்டிக் அமிலம், வினிகரின் புளிப்பு அதுதான். 330 என்றால் சிட்ரிக், 270 என்றால் லாக்டிக் அமிலம். இவை புளிப்புக்கும் கெடாமல் இருக்கவும் சேர்ப்பவை, கண்டு பயப்பட ஒன்றுமில்லை. தனியாக வினிகர் வாங்கும்போது மட்டும் 'சிந்தெடிக்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது புளிக்கவைத்து எடுத்தது அல்ல, அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்தது.

4. சர்க்கரை

பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். எண்ணெய், தண்ணீர், மூன்றாவதாகச் சர்க்கரை என்றால், அதற்குப் பின் எழுதிய எல்லாவற்றையும்விட அது அதிகம். அப்புறம் 'லிக்விட் குளுக்கோஸ்', தேன் என்று வேறு பெயர்கள் தள்ளி வருகின்றனவா பாருங்கள். சர்க்கரையைப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும்.

ஊட்டச்சத்து அட்டவணையில் 'ஆடட் ஷுகர்' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 100 கிராமுக்கு 12 கிராம் என்று வைப்போம். ஒரு மேசைக்கரண்டி சுமார் 15 கிராம், அதில் சர்க்கரை 1.8 கிராம். ஒரு சாண்ட்விச்சுக்கு மூன்று கரண்டி தடவினால் 5.4 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் மேல். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டத்தை நம்பிப் பாட்டில்களை ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த அளவு வேறு. எப்போதும் 100 கிராம் கட்டம்தான். ஹனி மஸ்டர்ட், தவுசண்ட் ஐலண்ட் இரண்டிலும் இந்த வரியைக் கட்டாயம் பாருங்கள், இனிப்பு அவற்றின் சுவையிலேயே இருக்கிறது.

இதெல்லாம் வேண்டாம் என்றால், மூடி போட்ட ஜாம் பாட்டிலில் மூன்று கரண்டி கடலை எண்ணெய், ஒரு கரண்டி வினிகர், அரை டீஸ்பூன் கடுகுத் தூள், உப்பு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். சர்க்கரை, முட்டை எதுவும் இல்லாத டிரெஸ்ஸிங் தயார்.

பின்னர் சேர்த்தது: ஷவர்மா கடையில் லேபிளே இல்லாமல் டப்பாவில் தருகிறார்களே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். "அண்ணா, மயோனைஸ் பாக்கெட்டா, இங்கே அடிச்சதா?" என்று கேளுங்கள். பாக்கெட் என்றால் அதைக் காட்டச் சொல்லலாம். காட்டத் தயங்கினால் மயோனைஸ் இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.