மரச்சீனியும் மீனும் ரஷ்ய மொழியில்: மெனு கார்டு எழுதுவது எப்படி?

கேரளத்தில் கோவளம், விழிஞ்ஞம், பூவாறு பக்கம் கடை நடத்துபவர்களுக்கு, குளிர்காலத்தில் ரஷ்ய விருந்தினர் வருவது புதிதல்ல. ஆயுர்வேதச் சிகிச்சைக்கென்று வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களும் உண்டு. அப்போது மெனுவை ரஷ்ய மொழியிலும் போட வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றும். அந்த வேலை, களியக்காவிளையிலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ வேலைக்கு வந்த, போனில் மளமளவென்று தட்டத் தெரிந்த ஒரு பையன் தலையில் விழும். இந்தக் குறிப்பு அவனுக்காக. ரஷ்ய எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

முதலில் ஆங்கில மெனுவை ஓரமாக வையுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. நம் ஊர் ஆங்கில மெனுவில் இருப்பது இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஆங்கிலம். முருங்கைக்காயை 'டிரம்ஸ்டிக்' என்கிறோம். ஆங்கில-ரஷ்ய அகராதியில் பார்த்தால், அதற்குக் கோழிக் கால் என்று வரும். சைவ சாம்பாரில் கோழிக் கால்! தயிரை 'கேர்ட்' என்று போட்டிருப்போம். அது ரஷ்ய மொழியில் 'த்வோரக்' ஆகிவிடும். த்வோரக் என்பது நீர் வடித்து உதிரியாக எடுத்த பாலாடைக்கட்டி. தயிர் சாதம் கேட்டவர், சோற்றின் மேல் பாலாடைக்கட்டி வரும் என்று உட்கார்ந்திருப்பார். தயிருக்கு 'யோகுர்த்' என்பதே நல்லது. இனிப்பில்லாதது என்று ஒரு சொல் சேர்த்தால் இன்னும் தெளிவு.

எனவே தொடங்க வேண்டிய இடம் சமையலறை. ஒவ்வொரு பண்டத்துக்கும் சமையல்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். முக்கியப் பொருள் என்ன? அதை என்ன செய்கிறீர்கள்: அவிக்கிறீர்களா, வறுக்கிறீர்களா, குழம்பில் வேகவைக்கிறீர்களா? தட்டில் வரும்போது குழம்பாக வருமா, உதிரியாக வருமா? முள், எலும்பு, கடும் காரம், முந்திரி என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா? பதிலைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கப் போவது அந்த வரியைத்தான்.

ஒரு பண்டத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

மரச்சீனியும் மீன் கறியும். மலையாளத்தில் கப்பயும் மீனும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதை விட்டால் ஆள் இல்லை. நம் ஆங்கில மெனுவில் இது 'டாப்பியோக்கா வித் ஃபிஷ் கறி' என்று இருக்கும். ரஷ்ய மொழியிலும் 'தபியோகா' என்ற சொல் இருக்கிறது, ஆனால் ரஷ்யர்களுக்கு அது அந்தக் கிழங்கின் மாவு, அல்லது அந்த மாவில் உருட்டிய ஜவ்வரிசி. கிழங்குக்கு 'மனியோக்' என்று தனிச் சொல் உண்டு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சொல் கிடைத்ததும், அதை ரஷ்ய எழுத்திலேயே படத் தேடலில் போடுங்கள்.

```
тапиока
маниок
```

முதல் சொல்லுக்கு வெள்ளை முத்துகளாக வரும். இரண்டாவதற்கு நம் தோட்டத்தில் பிடுங்குகிற அதே கிழங்கு வரும். அகராதியை விட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். மெனுவில் வரும் ஒவ்வொரு பொருட்பெயரையும் இப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீன் பெயர்களுக்கு இது ரொம்பவே உதவும். அயலைக்கு 'ஸ்கும்ப்ரியா', சாளைக்கு 'சர்தீனா': இரண்டும் ரஷ்யர்கள் வீட்டில் சாப்பிடுகிற மீன்களின் உறவுதான், உடனே புரியும். கரிமீனுக்கு அப்படி உறவு சொல்ல ஆள் இல்லை. அதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'முத்துப் புள்ளி' என்று ஏதோ நகைக்கடைச் சரக்கு போல வரும். 'கரிமின்' என்றே எழுதி, உள்ளூர் மீன், முழுதாக, முள்ளோடு என்று அடியில் சொல்லுங்கள்.

மறுபடி மரச்சீனிக்கு வருவோம். சமையல்காரர் சொன்னது: கிழங்கை வேகவைத்துத் தேங்காயோடு சேர்த்து மசித்தது, கூட, குடம்புளி போட்ட காரமான மீன் கறி. குடம்புளியை வெறும் புளி என்று போட்டால் அது வாளன்புளியாகிவிடும். குடம்புளிக்கு ரஷ்ய மொழியில் 'கர்சீனியா' என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் அங்கே எடை குறைக்க விற்கும் மாத்திரைகளால்தான் அதிகம் தெரியும். மருந்துக்கடை ஞாபகம் வரவழைக்க வேண்டாம் என்று நினைத்தால், 'புளிப்பான காரக் குழம்பில்' என்று சொல்லி விட்டுவிடலாம். நான் அப்படித்தான் செய்வேன். ருசிக்குத் தேவையான தகவல் புளிப்பு. காயின் பெயர் கேட்டால் பரிமாறுபவர் காட்டட்டும்.

முடிவில் வரும் வடிவம் இது:

```
14. Каппа с рыбным карри
Варёный маниок с кокосом.
Рыба в остром кислом соусе.
```

முதல் வரி பெயர். 'கப்பா' அப்படியே இருக்கிறது, ஏனென்றால் விருந்தினர் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், பரிமாறுபவர் காதுக்கும் அது புரிய வேண்டும். அடுத்த இரண்டு வரி தட்டில் என்ன வரும் என்பது. பெயரை மொழிபெயர்க்காதீர்கள், விளக்கத்தை மொழிபெயருங்கள்: எந்தப் பண்டத்துக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும்.

பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதுவது

தோசை, இட்லி, சாம்பார், ரசம், பிரியாணி எல்லாம் ரஷ்ய மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்டு வருகின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

```
доса, идли, самбар, расам, бирьяни
```

மற்றதை ஆங்கில எழுத்தைப் பார்த்து மாற்றாமல், காதில் விழுவதைப் பார்த்து மாற்றுங்கள். 'தோரன்' என்பதன் தகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கலாம், ரஷ்ய மொழியில் ஒரு т போதும். சிக்கல் நம் ழகரத்தில். ஆங்கிலத்தில் அதற்கு எழுதும் இரண்டு எழுத்தைப் பார்த்து ரஷ்ய மொழியில் ж போடுவது வழக்கம். கோழிக்கோடு அவர்கள் வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் பழம்பொரியை அப்படி எழுதினால் விருந்தினர் 'பஜம்பொரி' மாதிரி ஏதோ சொல்வார், பரிமாறுபவர் விழிப்பார். பண்டத்தின் பெயரில் л போட்டுவிட்டால் 'பலம்பொரி' என்றாவது காதில் விழும், வேலை நடக்கும்.

சமையல் வினைகள்

நமக்கு வறுப்பது வேறு, பொரிப்பது வேறு, வதக்குவது வேறு. ரஷ்ய மொழியில் இந்த மூன்றும் பெரும்பாலும் 'ஜாரினி' என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிடும். எண்ணெயில் முக்கிப் பொரித்ததை மட்டும் தனியாகச் சொல்ல வழி இருக்கிறது. கீழே உள்ளவற்றை வைத்தே ஒரு மெனுவின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம்.

```
варёный     — தண்ணீரில் வேகவைத்தது
на пару     — ஆவியில் அவித்தது
жареный     — வறுத்தது, பொரித்தது
во фритюре  — எண்ணெயில் முக்கிப் பொரித்தது
тушёный     — குழம்பில் மெதுவாக வெந்தது
```

தாளிப்புக்கு ஒரு சொல் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இல்லை. சட்னியில் தாளித்தது என்ற செய்தி விருந்தினருக்குத் தேவையும் இல்லை. மேலே மிதக்கும் கடுகும் கறிவேப்பிலையும் கண்ணில் படும் என்றால் அவற்றைச் சொல்லுங்கள், ஆனால் கடுகு 'விதை' என்று சேர்த்தே எழுதுங்கள். வெறும் கடுகுக்கான சொல், ரஷ்யர்களுக்கு ரொட்டியில் தடவுகிற கடுகு விழுதைத்தான் நினைவூட்டும்.

சுவைச் சொற்களில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கில 'ஸ்பைசி' காரத்தையும் மசாலா மணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும். ரஷ்ய மொழி நம்மைப் போலவே இரண்டையும் பிரிக்கிறது: காரத்துக்கு 'ஓஸ்த்ரி', மசாலா மணத்துக்கு 'ப்ரியானி'. (ஆமாம், கேட்க நம் பிரியாணி மாதிரியே இருக்கிறது. சம்பந்தம் இல்லை.) தேங்காய்ப்பால் இஷ்டு போன்ற மிதமான பண்டத்துக்கு முதல் சொல்லைப் போட்டால் அதை யாரும் தொட மாட்டார்கள்.

மிளகு, மிளகாய், குடைமிளகாய் மூன்றுக்கும் ரஷ்ய மொழியில் 'பேரித்ஸ்'தான். முன்னால் அடைமொழி இல்லாமல் எழுதவே கூடாது.

```
чёрный перец      — மிளகு
перец чили        — மிளகாய்
болгарский перец  — குடைமிளகாய்
```

கடைசியில் இருப்பது நேராகப் படித்தால் பல்கேரிய மிளகாய். அவர்கள் சந்தையில் அதற்கு அதுதான் பெயர்.

அவர்களுக்குத் தெரிந்த பண்டத்தைக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஒரு திருத்தத்தோடு. தோசைக்கு 'ப்ளின்' என்று போட்டால் உடனே புரியும், ஆனால் அவர்கள் ப்ளின் மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் கோதுமை மாவு. அதனால் மொறுமொறு என்பதும் அரிசி என்பதும் சேர வேண்டும். உளுந்து வடையைப் பார்த்தால் அவர்களுக்கு 'போன்சிக்' என்ற பொரித்த இனிப்பு வளையம் நினைவுக்கு வரும். எனவே உப்பானது என்று சொல்லியே ஆக வேண்டும்.

```
Доса — тонкий хрустящий блин из риса и чечевицы
Вада — солёный пончик из чечевицы, жареный, без сахара
```

சாம்பாரை 'சூப்' என்று போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தனியாகக் கிண்ணத்தில் தருகிற கடை என்றால் சரி. இட்லி மேல் ஊற்றித் தருகிற கடையில் அது குழம்பு, 'சோவுஸ்' என்பதே பொருத்தம். எப்படிப் பரிமாறுகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வேற்றுமை உருபு

ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலவே பெயர்ச்சொல்லின் வால் மாறும். மீன் 'ரிபா', மீனோடு என்றால் 'ரிபய்'. அகராதிச் சொல்லை அப்படியே ஒட்டவைத்தால் 'சோறு மீன் ஓடு' என்று எழுதியதுபோல் இருக்கும்.

```
рис с рыба    (தவறு)
рис с рыбой   (சரி)
```

வறுத்த, வேகவைத்த என்ற அடைமொழியும் பெயரின் பாலுக்கேற்ப மாறும்: சோறு ஆண்பால் என்பதால் 'ஜாரினி ரிஸ்', மீன் பெண்பால் என்பதால் 'ஜாரினயா ரிபா'. இலக்கணம் முழுக்கக் கற்கும்வரை காத்திருக்க முடியாது, எனவே நீங்கள் எழுதிய தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். ரஷ்யச் சமையல் பக்கங்களில் அதே வடிவம் நிறைய வந்தால் கவலை இல்லை. ஒன்றுமே வராவிட்டால் வாலைச் சந்தேகப்படுங்கள்.

அச்சுக்குப் போகும் முன்

பண்டங்களுக்கு எண் போட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் மலையாளப் பெயரும் இருக்கட்டும். விருந்தினர் ரஷ்ய வரியில் விரல் வைப்பார், பரிமாறுபவர் எண்ணைப் பார்ப்பார். ரஷ்ய நாட்டு மெனுக்களில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கிராம் கணக்கு போடுவது வழக்கம். உங்கள் கடையில் அளவு ஒரே மாதிரி வரும் என்றால் மட்டும் போடுங்கள்.

நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருக்கள் ஓடுகின்றன. ரஷ்ய வரியை அங்கே ஒட்டினால் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக நிற்கும். நீங்களே யுனிகோடு எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். முதல் பிரதியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக, ரஷ்ய மொழி பேசும் ஒருவரிடம் காட்ட வேண்டும். வாடிக்கையாக வருகிற விருந்தினரே போதும். இது சரியா என்று கேட்காதீர்கள், மரியாதைக்குச் சரி என்றுவிடுவார். பதினான்காம் எண்ணைக் கேட்டால் தட்டில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். வெந்த கிழங்கும் காரமான மீனும் என்று சொன்னால் அந்த வரியை அச்சுக்கு விடலாம். முத்து முத்தாக ஏதோ என்று கையால் உருட்டிக் காட்டினால், 'மனியோக்' இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பழைய சொல்லைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.