மூணாறில் தண்ணீர் கொதித்த கிராஃப்: கோட்டைப் பார்த்து விடை எழுதுவது எப்படி

எங்கள் மூணாறுப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் ஒர்க்‌ஷீட்டில் ஒரு கோட்டு வரைபடம் உண்டு. பீக்கரில் தண்ணீர் வைத்து, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, 2 நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்த அளவுகள் அவை. கிடை அச்சில் நேரம், நிமிடக் கணக்கில். குத்து அச்சில் வெப்பநிலை, டிகிரி செல்சியஸில். 22 டிகிரியில் தொடங்கும் கோடு மேலே ஏறி, 12-ஆவது நிமிடத்தில் படுத்துவிடுகிறது. 16-ஆவது நிமிடத்தோடு கோடு முடிகிறது.

கேள்விக்குப் போகும் முன்னால் ஒரு சின்னக் கட்டத்தின் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். இந்த கிராஃபில் குத்து அச்சில் 20, 40, 60 என்று எழுதியிருக்கிறது. 20-க்கும் 40-க்கும் நடுவே 10 சின்னக் கட்டங்கள். அப்படியானால் 20-ஐ 10-ஆல் வகுக்க, ஒரு கட்டம் 2 டிகிரி. இதைத் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: 2-ஆவது நிமிடத்தில் வெப்பநிலை என்ன? கிடை அச்சில் 2-ஐத் தொட்டு, ஸ்கேலை நேராக நிறுத்தி, கோட்டைத் தொடும் வரை மேலே போங்கள். தொட்ட இடத்திலிருந்து ஸ்கேலைப் படுக்க வைத்து, இடதுபக்கம் குத்து அச்சுக்கு வாருங்கள். 20-க்கு மேலே 7 கட்டம் தள்ளி நிற்கும். ஏழைக் கூட்டி 27 என்று எழுதிவிடுவார்கள். ஏழு கட்டம் என்றால் 14 டிகிரி, ஆக விடை 34. உங்கள் விடை சரியா என்று பார்க்க ஒரு வழி: 34 என்பது 20-க்கும் 40-க்கும் நடுப்புள்ளியான 30-ஐத் தாண்டியிருக்க வேண்டும். கிராஃபிலும் புள்ளி பாதிக்கு மேலேதான் இருக்கிறது. 27 என்றால் பாதிக்குக் கீழே இருந்திருக்கும்.

தலைகீழாகவும் கேட்பார்கள்: 74 டிகிரி எப்போது வந்தது? இப்போது குத்து அச்சில் தொடங்கிக் கோட்டுக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். 7-ஆவது நிமிடம். அந்த நிமிடத்தில் யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. 6-க்கும் 8-க்கும் நடுவே போட்ட கோட்டிலிருந்து எடுத்த மதிப்பு இது. அதனால் “சுமார்” என்று சேர்த்து எழுதினால் நல்லது.

அப்புறம் அந்தப் படுத்த கோடு. 94-க்கும் 96-க்கும் நடுவில், அரைக் கட்டத்தில் நிற்கிறது, அதாவது 95. போன வருடம் ஒரு பெண் சரியாக 95 என்று எழுதி, அழித்து, 100 என்று மாற்றியிருந்தாள். கேட்டால், “தண்ணி 100-லதான கொதிக்கும் டீச்சர்?” என்றாள். கடல்மட்டத்தில் அப்படித்தான். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும், மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால். ஐந்து டிகிரி குறைந்து 95. லயத்து வீடுகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். அவள் முதலில் எழுதியதே சரி. புத்தகத்தில் என்ன படித்திருந்தாலும், “கிராஃபிலிருந்து” என்று கேள்வி இருந்தால் கோடு காட்டுவதைத்தான் எழுத வேண்டும்.

இனி, “வெப்பநிலை எப்படி மாறுகிறது?” என்ற கேள்வி. “கூடுகிறது” என்று ஒற்றைச் சொல் போதாது. கோட்டைச் சாய்வு மாறும் இடங்களில் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் 2 நிமிடத்தில் 22-லிருந்து 34, நிமிடத்துக்கு 6 டிகிரி. பீக்கரும் கம்பிவலையும் சேர்ந்து சூடாக வேண்டியிருப்பதால் கொஞ்சம் மெதுவு. 2 முதல் 8 வரை 34-லிருந்து 82, அதாவது 6 நிமிடத்தில் 48, நிமிடத்துக்கு 8. கோடு மிகச் செங்குத்தாக இருப்பது இங்கே. 8-க்குப் பிறகு தளர்கிறது: 10-இல் 91, 12-இல் 95. தண்ணீர் சூடாகச் சூடாக, சுற்றியுள்ள காற்றுக்கும் ஆவிக்கும் போகும் வெப்பம் கூடுகிறது. 12 முதல் 16 வரை மாற்றமில்லை. விடையில் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தனை டிகிரி என்று இரண்டும் இருக்கட்டும்.

படுத்த கோட்டைப் பார்த்து “விளக்கு அணைந்துவிட்டது” என்று எழுதுபவர்களும் உண்டு. அணைந்திருந்தால் தண்ணீர் ஆறி, கோடு கீழே சரிந்திருக்கும். விளக்கு எரிகிறது, அந்த வெப்பம் முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது. அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

கடைசியில், 18-ஆவது நிமிடத்தில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருக்கும். கிராஃப் 16-இல் முடிந்துவிட்டது, ஆனாலும் சொல்லலாம்: விளக்கு எரிந்து, பீக்கரில் தண்ணீர் மிச்சமிருந்தால் 95 டிகிரி. அந்த “மிச்சமிருந்தால்” என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தண்ணீர் வற்றிய பிறகு என்ன ஆகும் என்பதை இந்தக் கோட்டிலிருந்து எடுக்க முடியாது.