விளம்பரம் நாலு மாதப் பழசு: இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று ரெக்ரூட்டரிடம் கேட்பது எப்படி?

"இந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறதா?" என்று ஒரு வரி அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் "இருக்கிறது, விண்ணப்பியுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். ரெக்ரூட்டர் பொய் சொல்லவில்லை. கேள்வியில்தான் சிக்கல், அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம். முதலில், கேட்பதற்கு முன் பத்து நிமிட வேலை இருக்கிறது.

படி 1: மூல விளம்பரத்தைப் பிடியுங்கள்

வேலைவாய்ப்புத் தளங்கள் பல, நிறுவனங்களின் பக்கங்களிலிருந்து விளம்பரத்தை நகலெடுத்துப் போடுகின்றன. மூலம் நீக்கப்பட்ட பிறகும் நகல் அங்கேயே கிடக்கும். அதனால் நிறுவனத்தின் சொந்த கரியர் பக்கத்துக்குப் போய் அதே பணியைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அநேகமாக முடிந்த கதை. இருந்தால் அதன் ஜாப் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலைந்து பணிகள் ஓடும் நிறுவனங்களில் ஐடி இல்லாமல் கேட்டால், எதைக் கேட்கிறீர்கள் என்று ரெக்ரூட்டரே தேட வேண்டும். அந்த வேலையை அவர் செய்யமாட்டார்.

படி 2: உண்மையான தேதியைப் பாருங்கள்

"30 நாளுக்கு மேல்" என்று மட்டும் காட்டும் பக்கங்களிலும் சரியான தேதி உள்ளே இருக்கலாம். கூகுள் தேடலில் வேலைகள் தெரிவதற்காகப் பல நிறுவனங்கள் அதைப் பக்கத்தின் கோடில் எழுதிவைக்கின்றன. கணினியில் பக்கத்தைத் திறந்து Ctrl+U அழுத்தி, `datePosted` என்று தேடுங்கள். இப்படி இருக்கும்:

```
"datePosted": "2025-02-10",
"validThrough": "2025-06-30"
```

முதலாவது வெளியிட்ட நாள், இரண்டாவது காலாவதியாகும் நாள். இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விளம்பரத்தை மறுபடி வெளியிட்டால் முதல் தேதி புதிதாகிவிடக்கூடும். காலாவதித் தேதியைப் பல இடங்களில் மென்பொருளே போட்டுவிடும். என்றாலும் காலாவதித் தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால், மறந்துபோய் விட்டுவைத்த விளம்பரம் என்ற சந்தேகம் வலுக்கும்.

படி 3: கேள்வியைச் சரியாக அமையுங்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நிறுவனத்துக்குள் ஒரு பணியிடத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் அதற்கு ஒரு கோப்பு திறக்கப்படும். நீங்கள் இணையத்தில் பார்க்கும் விளம்பரம் வேறு, அந்தக் கோப்பு வேறு. தேர்வானவர் ஆஃபரை ஏற்கும் வரை, சில இடங்களில் வேலைக்கு வந்து சேரும் வரை கூட, கோப்பை மூடமாட்டார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நிற்கும்போதும் கோப்பு திறந்தேதான் இருக்கும். பட்ஜெட் காரணமாக நிறுத்திவைத்த பணிக்கும் அப்படித்தான், விளம்பரத்தை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்னொரு வகையும் உண்டு: குறிப்பிட்ட இடம் எதுவும் காலியில்லாமல், பின்னால் தேவைப்படும் என்று ஆண்டு முழுக்க விண்ணப்பம் சேர்க்கும் விளம்பரம்.

இந்த எல்லா நிலைகளிலும் "காலியாக இருக்கிறதா" என்ற கேள்விக்கு "ஆம்" என்றே பதில் வரும். உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: இப்போது வரும் புதிய விண்ணப்பத்தை யாராவது திறந்து பார்ப்பார்களா? அதையே கேளுங்கள். கூடவே இரண்டு நிலைகளை எடுத்துக் கொடுத்தால் அவர் ஒன்றைத் தேர்ந்து ஒரே வரியில் பதில் போட முடியும்.

படி 4: எழுதுங்கள்

மேலே பார்த்த பிப்ரவரி 10 விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று ஜூன் 12, நாலு மாதம் ஆகிவிட்டது. மெயில் இப்படிப் போகலாம்:

> பொருள்: டேட்டா அனலிஸ்ட், R-20417: புதிய விண்ணப்பம் குறித்து
>
> வணக்கம். உங்கள் கரியர் பக்கத்தில் டேட்டா அனலிஸ்ட் பணி (R-20417) பார்த்தேன். இந்த இடத்துக்குப் புதிய விண்ணப்பங்களை இப்போதும் பரிசீலிக்கிறீர்களா, அல்லது நேர்காணல்கள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டனவா? விற்பனை அறிக்கைகள் தயாரிப்பதில் எனக்கு 4 ஆண்டு அனுபவம் உண்டு; விளம்பரத்தில் கேட்டிருக்கும் பவர் பிஐதான் என் அன்றாட வேலை. பரிசீலனை தொடர்கிறது என்றால் இன்றே விண்ணப்பிக்கிறேன்.

விளம்பரம் பழசு என்று குத்திக்காட்டும் சொல் எதுவும் இதில் இல்லை, கவனித்தீர்களா? "நாலு மாதமாக ஏன் கிடக்கிறது" என்ற தொனி வந்தால் அவர் விளக்கம் சொல்ல வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுவார். ரெஸ்யூமேயையும் இந்த மெயிலில் இணைக்காதீர்கள். இணைத்தால் "தளத்தில் விண்ணப்பியுங்கள்" என்ற வழக்கமான பதிலே வரும், கேட்ட கேள்வி அடிபட்டுப் போகும்.

மெயில் முகவரி கிடைத்தால் மெயில்தான் நல்லது. லிங்க்ட்இன் இணைப்புக் குறிப்பில் எழுத்து வரம்பு மிகக் குறைவு. அங்கே ஐடியும் கேள்வியும் மட்டும் போதும், அனுபவ வரியை விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவருக்குப் போன் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கோப்பைத் திறந்து பார்க்காமல் அவரால் பதில் சொல்ல முடியாது, வாய்க்கு வந்த "விண்ணப்பியுங்கள்" தான் கிடைக்கும்.

விளம்பரம் போட்டது ஏஜென்சி என்றால் கேள்வி கொஞ்சம் மாற வேண்டும்: "கிளையன்ட் தரப்பில் இப்போதும் புரொஃபைல் கேட்கிறார்களா?" ஏஜென்சி தன் பட்டியலை வளர்க்க எப்போதும் ரெஸ்யூமே வாங்கிக்கொள்ளும், அதனால் கிளையன்ட்டைப் பற்றிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

படி 5: பதிலைப் படிப்பது

"இந்த வாரம் நேர்காணல் நடக்கிறது, உடனே அனுப்புங்கள்" என்பது போல நாளோ கட்டமோ குறிப்பிட்ட பதில்தான் உயிருள்ள பதில். "எங்கள் தளத்தில் எல்லா வாய்ப்புகளையும் பாருங்கள்" என்றால் ஆண்டு முழுக்க ஓடும் விளம்பரமாக இருக்கலாம். ரெஸ்யூமேயை மாற்றி எழுத ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டாம், இருப்பதையே அனுப்புங்கள்.

"கடைசிச் சுற்றில் இருக்கிறோம்" என்று வந்தால் கதவு முழுக்க மூடவில்லை. தேர்வானவர் நோட்டீஸ் காலத்தில் வேறு ஆஃபருக்கு மாறிவிடுவது உண்டு. நன்றி சொல்லி, "இடம் மறுபடி திறந்தால் தெரிவியுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். நாலு வாரம் கழித்து அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒருமுறை மட்டும் விசாரியுங்கள்.

பதிலே இல்லையா? ஐந்து வேலை நாள் பொறுத்து அதே மெயிலுக்குக் கீழே ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் விண்ணப்பித்துவிட்டு நகருங்கள்.

பின்சேர்க்கை

Ctrl+U போட்டும் `datePosted` கிடைக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். சில கரியர் பக்கங்கள் திறந்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக விவரங்களை ஏற்றும், அவற்றின் மூலக் கோடில் தேதி தெரியாது. F12 அழுத்தி, Elements பகுதிக்குப் போய், Ctrl+F வைத்து அதே சொல்லைத் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்த நிறுவனம் தேதியைக் கோடில் போடவில்லை என்று பொருள்; படி 3-க்குப் போய்விடலாம்.

முதலில் விண்ணப்பித்துவிட்டுக் கேட்கலாமா என்பது இன்னொரு கேள்வி. படிவம் பதினைந்து நிமிடத்தில் முடியுமென்றால் தாராளமாக. அப்போது மெயிலின் கடைசி வரியை "நேற்று விண்ணப்பித்திருக்கிறேன்" என்று மாற்றிவிடுங்கள். ரெக்ரூட்டர் உங்கள் பெயரை மென்பொருளில் தேடிப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். தனியாக கவர் லெட்டரோ மாதிரி வேலையோ கேட்டிருந்தால் மட்டும் முதலில் கேள்வி, பிறகு விண்ணப்பம்.